இருந்த இடத்திலிருந்தே தோல் விற்கும் வேலையா? இன்டர்வியூவுக்கு 24 குறிப்புகள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று நம் பக்கத்தில் டேனரியோ ஷூ கம்பெனியோ இல்லாத ஊர் குறைவு. முன்பெல்லாம் தோல் விற்க வேண்டுமென்றால் பெட்டியில் சாம்பிளை அடுக்கிக்கொண்டு ஆக்ராவுக்கும் கான்பூருக்கும் ரயில் ஏற வேண்டும். அந்த அலைச்சலில் ஒரு பங்கை இப்போது போன், வாட்ஸ்அப், மெயில், வீடியோ கால் என்று நாற்காலியில் உட்கார்ந்தே முடிக்கிறார்கள். இதற்குத்தான் இன்சைடு சேல்ஸ் என்று பெயர். உங்கள் வீட்டிலும் யாராவது இந்த இன்டர்வியூவுக்குக் கிளம்பினால், காசு செலவில்லாமல் தயாராக இதோ சில வழிகள்.

விளம்பரத்தைப் பார்த்ததும்

1. ‘இடம்: வேலூர்’ என்று போட்டிருந்தால் உடனே விண்ணப்பத்தைத் தட்டிவிடாமல், எந்த ஊர் ஆபீஸ் என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததில் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. ஆனாலும் பழைய பழக்கத்தில் எல்லாவற்றையும் வேலூர் என்றே எழுதுகிறவர்கள் உண்டு. ஆம்பூருக்கும் இராணிப்பேட்டைக்கும் நடுவே நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் போய்விடும், பஸ் செலவு தனி.

2. கம்பெனி விற்பது பதனிட்ட தோலா, ஷூ அப்பரா, முழு ஷூவா, பையும் பெல்ட்டுமா என்று முதலில் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். தோலுக்கு விலை சதுர அடிக் கணக்கில், ஷூவுக்கு ஜோடிக் கணக்கில், பைக்கு எண்ணிக்கையில். இது மாறிப்போனால் மற்ற பதில்கள் எல்லாம் சரியாக இருந்தும் ‘இவருக்குப் பொருளே தெரியவில்லை’ என்று எழுதிவிடுவார்கள்.

3. வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் நேரக் கணக்கை விரல் நுனியில் வைத்திருங்கள். ஜெர்மனியிலும் இத்தாலியிலும் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30, நியூயார்க்கில் காலை 9 மணி நமக்கு மாலை 6.30 அல்லது 7.30. அமெரிக்க கால்கள் உண்டு என்றால் ராத்திரி எத்தனை மணிக்கு விடுவார்கள், வண்டி ஏற்பாடு உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

4. ஆகஸ்ட் மாதத்தில் இத்தாலியில் பெரும்பாலான டேனரியும் ஷூ பேக்டரியும் இரண்டு மூன்று வாரம் மூடிக்கிடக்கும். ‘ஜூலையிலேயே சாம்பிளுக்கு ஓகே வாங்கிவிட வேண்டும், ஆகஸ்டில் போன் போட்டுப் பயனில்லை’ என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னால் போதும். கேட்பவருக்கு உங்கள்மேல் தனி மதிப்பு வந்துவிடும்.

சொல்ல வேண்டிய எண்கள்

5. ஏற்கெனவே சேல்ஸில் இருந்தவரா? போனில் உள்ள கால் பட்டியலும், அனுப்பிய மெயிலும், கூரியர் ரசீதும்தான் உங்கள் கணக்குப் புத்தகம். கடைசி மூன்று மாதத்தை மட்டும் எடுத்து, எத்தனை பேருக்குப் போன் போட்டீர்கள், எத்தனை பேர் பேசினார்கள், எத்தனை பேர் சாம்பிள் கேட்டார்கள், எத்தனை ஆர்டர் வந்தது என்று ஒரு பழைய டைரியில் நாலு வரியாக எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

6. இந்த நாலு எண்ணையும் ஒரே மூச்சில், ஒன்றிலிருந்து ஒன்று வருவதுபோலச் சொல்லிப் பழகுங்கள். உதாரணத்துக்கு: ‘வாரம் 200 கால் போட்டேன், 50 பேர் பேசினார்கள், 10 பேருக்கு சாம்பிள் போனது, 2 ஆர்டர் ஆனது.’ இதைக் கேட்டதும், பேசிய ஐந்து பேரில் ஒருவர் சாம்பிள் கேட்கிறார், சாம்பிள் வாங்கிய ஐந்து பேரில் ஒருவர் ஆர்டர் தருகிறார் என்று எதிரில் இருப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

7. சதவீதத்தைத் தனியாக நிற்க வைக்காதீர்கள். ‘என்னுடைய வெற்றி 50 சதவீதம்’ என்றால், ‘நாலில் ரெண்டா, நாற்பதில் இருபதா?’ என்று அடுத்த கேள்வி கட்டாயம் வரும். எண்ணிக்கை சின்னதாக இருந்தால் ‘நாலு பேரில் ரெண்டு பேர்’ என்றே சொல்லிவிடுவது மரியாதை.

8. டார்கெட்டைச் சொல்லும்போது மூன்று துண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்: என்ன டார்கெட், எவ்வளவு முடித்தீர்கள், எந்தக் காலத்தில். முடிக்காத மாதம் ஒன்று இருந்தால் அதையும் காரணத்தோடு சொல்லிவிடுங்கள். எல்லா மாதமும் நூற்றுக்கு மேல் என்று சொல்பவரிடம்தான் தோண்டித் தோண்டிக் கேட்பார்கள்.

9. தானாக வந்த விசாரணையையும் நீங்கள் தேடிப் போட்ட காலையும் ஒரே பானையில் போட்டுக் கலக்காதீர்கள். சென்னை தோல் கண்காட்சியில் கார்டு கொடுத்துவிட்டுப் போனவர் சீக்கிரம் ஆர்டர் தருவார். பெயரே கேள்விப்படாத பேக்டரிக்குப் போடும் கால் அப்படி இல்லை. இரண்டுக்கும் தனித்தனி எண் வைத்திருப்பவர் வேலை தெரிந்தவர் என்று கேட்கிறவருக்குப் புரிந்துவிடும்.

10. சேல்ஸ் அனுபவமே இல்லையா, கவலை வேண்டாம். ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசிங்கிலோ ஸ்டோரிலோ இருந்திருந்தால் எண் உங்களிடமும் இருக்கிறது: ஒரே நேரத்தில் எத்தனை ஆர்டரைப் பின்தொடர்ந்தீர்கள், எத்தனை சாம்பிள் சொன்ன தேதியில் போனது, பாக்கி நின்ற பதிலை எத்தனை நாளில் வாங்கினீர்கள். விடாமல் கேட்டு வாங்குகிற குணம் இருக்கிறதா என்றுதான் அவர்கள் பார்க்கிறார்கள்.

11. பழைய கம்பெனியின் வாடிக்கையாளர் பெயரையும் விலையையும் எந்தக் காரணத்துக்கும் வெளியே விடாதீர்கள். ‘ஆக்ராவில் ஒரு ஷூ பேக்டரி, மாதம் ஒரு ஆர்டர்’ என்கிற அளவு போதும். நம் பக்கத்தில் ஒருவருக்கொருவர் உறவோ பழக்கமோ இல்லாத கம்பெனி கிடையாது. இன்றைக்கு அங்கே உள்ளதை இங்கே சொல்கிறவர் நாளைக்கு இங்கே உள்ளதை எங்கே சொல்வாரோ என்று தோன்றிவிடும்.

12. ஒரு சதுர மீட்டருக்கு 10.76 சதுர அடி என்பதை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள். சதுர அடி 110 ரூபாய் தோலை மீட்டர் கணக்கில் கேட்டால் ஏறக்குறைய 1,184 ரூபாய். கால்குலேட்டரை எடுப்பது தப்பில்லை. ஆனால் ‘சுமார் 1,180 வரும், சரியான தொகையை மெயிலில் போடுகிறேன்’ என்று உடனே வாயில் வந்தால் அழகு.

ரோல் ப்ளே: ‘நான்தான் கஸ்டமர், பேசுங்கள்’

13. வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது எதிரெதிரே உட்காராமல் முதுகுக்கு முதுகு உட்காருங்கள். அண்ணியோ தம்பியோ வாங்குகிறவராக இருக்கட்டும்; முகம் தெரியாததால் குரலை மட்டும் நம்பிப் பேசும் பழக்கம் வந்துவிடும். அதையே போனில் ரெக்கார்டு செய்து ஒரு தடவை கேட்டால், எங்கே மூச்சுவிடாமல் கொட்டுகிறீர்கள், எங்கே ‘ஆக்சுவலி’ என்று இழுக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

14. மேஜைமேல் ஒரு தோல் துண்டைப் போட்டு ‘இதை எனக்கு விற்றுக் காட்டுங்கள்’ என்பார்கள். அதன் பெருமையைப் பாட ஆரம்பிப்பதுதான் எல்லோரும் விழும் குழி. துண்டைக் கையில் எடுத்து, மடக்கிப் பார்த்து, ‘சார், உங்களுக்கு இது ஷூ அப்பருக்கா, பைக்கா?’ என்று முதல் வார்த்தையே கேள்வியாகப் போடுங்கள்.

15. விலையைச் சொல்வதற்கு முன் ஐந்து விஷயம் தெரிந்தாக வேண்டும்: எதற்கு, எத்தனை மில்லிமீட்டர் கனம், என்ன நிறம் என்ன பினிஷ், எத்தனை சதுர அடி, எந்தத் தேதிக்கு. பசுத்தோல் ஷூ அப்பருக்குப் பொதுவாக 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் கேட்பார்கள். ஆடை தைக்கும் ஆட்டுத்தோல் அதைவிட மிக மெல்லிசு. ஐந்து விரலுக்கு ஒன்றாக நினைவில் வைத்துக்கொண்டால் பதற்றத்திலும் மறக்காது.

16. ‘டீடெய்லை மெயில் போடுங்க, பார்க்கிறேன்’ என்று கஸ்டமர் வேஷத்தில் இருப்பவர் கத்தரிப்பார். ‘சரி சார்’ என்று வைத்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. ‘கண்டிப்பா போடறேன் சார், தேவையில்லாததை அனுப்பி உங்க நேரத்தைக் கெடுக்கக் கூடாது. இப்போ உங்க லைன்ல ஓடறது நாப்பாவா, ஸ்வேடா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வந்ததும் ‘வியாழக்கிழமை 11 மணிக்குக் கூப்பிடறேன்’ என்று நாளையும் நேரத்தையும் நீங்களே சொல்லி முடியுங்கள்.

17. ‘எங்களுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு’ என்றால் அந்த ஆளைக் குறை சொல்லாதீர்கள். ‘நல்லது சார், அவரை மாற்றச் சொல்லலை. அவரால முடியாத நிறமோ, சீசன்ல லேட்டாகிற லாட்டோ இருந்தா அதுக்கு மட்டும் ஒரு சாம்பிள் அனுப்பட்டுமா?’ என்று ஓரத்தில் ஒரு இடம் கேளுங்கள். பேக்டரிக்காரர்கள் ஒரே டேனரியை நம்பி இருக்கப் பயப்படுவார்கள், அந்த இடம்தான் உங்கள் வாசல்.

18. நிச்சயமாக வரும் கேள்வி இது: ‘உங்க தோல் 110 ரூபாய், பக்கத்துக்காரர் 100-க்குத் தர்றாரே?’ உடனே விலையைக் குறைக்காமல் வெட்டும் கணக்குக்குப் போங்கள். ஷூவுக்கு வெட்டி எடுத்த துண்டுகள் மட்டும் 2,000 சதுர அடி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வடுவும் ஓட்டையும் அதிகமான தோலில் 70 சதவீதம்தான் தேறும் என்றால் 2,857 சதுர அடி வாங்க வேண்டும், 100 ரூபாய் வீதம் 2,85,700 ஆகிறது. சுத்தமான தோலில் 80 சதவீதம் தேறினால் 2,500 சதுர அடி போதும், 110 ரூபாய் வீதம் 2,75,000. அடிக்குப் பத்து ரூபாய் கூடுதலான தோலில் கஸ்டமருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் மிச்சம்.

19. மேலே சொன்ன கணக்குக்கும் ஒரு எல்லை உண்டு, அதையும் தெரிந்து வைத்தால் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். எதிராளித் தோலில் 70 சதவீதம் தேறுகிறது என்றால், நம் தோலில் 77 சதவீதமாவது தேற வேண்டும். அதற்குக் கீழே போனால் மலிவான தோல்தான் லாபம். ‘நான் சொல்றதை நம்ப வேண்டாம் சார், இருபது தோலை உங்க கட்டரையே வெட்டிப் பார்க்கச் சொல்லுங்க’ என்று முடித்தால், வெட்டும் மாடலையும் ஆளையும் பொறுத்துக் கணக்கு மாறும் என்பது உங்களுக்குத் தெரியும் என்று புரிந்துகொள்வார்கள்.

20. ‘60 நாள் கடன் கொடுங்க’ என்பது அடுத்த பந்து. ‘முடியாது’ என்றும் சொல்லாமல், ‘சரி’ என்றும் சொல்லாமல், கடனுக்கும் ஒரு விலை உண்டு என்று காட்டுங்கள்: மாதம் 1 சதவீத வட்டி என்று வைத்தால் 2,75,000 ரூபாய்க்கு இரண்டு மாதத்தில் 5,500 ரூபாய். ‘இந்த விலை உடனே பணம் தருபவருக்கு, 60 நாள் என்றால் அந்த 2 சதவீதம் சேரும். எது வசதின்னு சொல்லுங்க, எங்க மேனேஜர்கிட்ட ஒப்புதல் வாங்கறேன்’ என்றால் விலையும் நிற்கும், உங்கள் அதிகார எல்லையையும் தாண்டவில்லை.

21. கோபமான கஸ்டமர் வேஷமும் போடுவார்கள்: ‘போன லாட்டுக்கும் இந்த லாட்டுக்கும் ஷேடு ஒத்துவரலை!’ முதல் வேலை, வெட்டுவதை நிறுத்தச் சொல்வது. வெட்டின தோலுக்கு அப்புறம் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பிறகு லாட் நம்பர், பகல் வெளிச்சத்தில் எடுத்த போட்டோ, இரண்டு லாட்டிலிருந்தும் ஒவ்வொரு துண்டு ஆகியவற்றைக் கேளுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒத்துப்போன நிறம் வெயிலில் பிரிந்து தெரிவதும் உண்டு என்பதால், தப்பு யாருடையது என்று அந்த காலிலேயே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

22. தெரியாததைக் கேட்டு ஆழம் பார்ப்பார்கள்: ‘உங்க தோலில் குரோமியம் சிக்ஸ் எவ்வளவு?’ ஐரோப்பாவில் உடம்பில் படும் தோல் பொருளுக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம்தான் உச்சவரம்பு என்பதும், 2015 மே முதல் அது நடைமுறையில் இருக்கிறது என்பதும் தெரிந்தால் போதும். ‘எல்லை 3. எங்க லாட்டோட அளவை லேப் ரிப்போர்ட் பார்த்துத்தான் சொல்லணும், சாயங்காலம் நாலு மணிக்குள்ள ரிப்போர்ட்டையே அனுப்பறேன்’ என்பதுதான் முழு மார்க் வாங்கும் பதில். இந்த இடத்தில் குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொன்னால் நிஜ வேலையில் கன்டெய்னரே திரும்பி வரும்.

எழுந்து வருவதற்கு முன்

23. வீட்டில் உருது பேசுகிறவர்கள் அதை பயோடேட்டாவில் மொழி என்ற வரியில் எழுதாமல் விடுகிறார்கள், விடாதீர்கள். ஆக்ரா, கான்பூர் பார்ட்டிகளிடம் இந்தியில் பேச அது அப்படியே கைகொடுக்கும். ஆம்பூர், வாணியம்பாடியில் வளர்ந்தவர்களுக்கு இது கோச்சிங் செலவில்லாமல் கிடைத்த சொத்து. எல்லைப் பக்கத்து வீடுகளில் பேசும் தெலுங்கும் அப்படித்தான், எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் ‘பேச மட்டும்’ என்று குறித்துவிடுங்கள்.

24. சம்பளப் பேச்சில் மொத்தத் தொகையைக் கேட்டு மயங்காமல் அதைப் பிரித்துக் கேளுங்கள்: மாதா மாதம் நிச்சயம் வருவது எவ்வளவு, இன்சென்டிவ் எவ்வளவு, ஆர்டர் வந்ததும் தருவீர்களா, பணம் வசூலானதும் தருவீர்களா? தோல் வியாபாரத்தில் ஆர்டருக்கும் வசூலுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி விழும், அதனால் இந்தக் கடைசிக் கேள்விதான் உங்கள் மளிகைச் செலவைத் தீர்மானிக்கும். கூடவே, ‘இப்போ இந்த வேலையில இருக்கிறவங்கள்ல எத்தனை பேர் டார்கெட்டைத் தொடறாங்க?’ என்றும் கேளுங்கள். நேராகப் பதில் சொல்லாத கம்பெனியில் அந்த இன்சென்டிவை வரவுக் கணக்கில் எழுத வேண்டாம்.

இந்த 24-ஐயும் ஒரே நாளில் மனப்பாடம் செய்யப் பார்க்காதீர்கள், தோழிகளே, நண்பர்களே. நேரம் இல்லாதவர்கள் ஆறாவது, பதினைந்தாவது, பதினெட்டாவது குறிப்புகளை மட்டுமாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வந்ததும் வராததுமாக, கேட்ட கேள்விகளை டைரியில் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் தெருவில் இன்னொரு பிள்ளை இதே இன்டர்வியூவுக்குப் போகும்போது அந்தப் பக்கத்தைக் கொடுத்து உதவுங்கள்.